ஓடும் பாட்டில், பாயும் லேபிள்: நடுவே 20 மில்லி செகண்ட்!

லேபிள் ஒட்டும்போது பாட்டில் நிற்கவே நிற்காது! எண்ணெய் நிரப்பி, மூடி போட்டு வருகிற அரை லிட்டர் பாட்டில், கன்வேயரில் வந்த வேகத்திலேயே போய்க்கொண்டிருக்கும். பக்கவாட்டில் ஒரு மெல்லிய தகட்டின் ஓரத்திலிருந்து லேபிள் எட்டிப் பார்க்கும், பாயும், ஒட்டும். பின்னாலேயே ஒரு பிரஷ் தடவிவிடும். அதற்குள் அடுத்த பாட்டில் வந்து நிற்கும். இல்லை, அதுவும் நிற்காது!

காங்கேயம் பக்கத்தில் ஒரு தேங்காய் எண்ணெய் ஆலையின் பேக்கிங் ஷெட். அங்கே லேபிளிங் மெஷினின் மூடியைக் கழற்றி உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டினார்கள். மெஷினைச் செட் செய்ய கோவையிலிருந்து ஒரு சர்வீஸ் எஞ்சினியர் வந்திருந்தார். பாட்டிலின் முன் ஓரத்திலிருந்து 12 மி.மீ. தள்ளி லேபிள் தொடங்க வேண்டும், ஒரு மி.மீ. முன்னே பின்னே போகலாம், அதற்கு மேல் கூடாது. மெதுவாக ஓடினாலும் சரி, வேகமாக ஓடினாலும் சரி, அதே 12. கேட்கும்போது சாதாரணமாகத்தான் இருந்தது. அந்த 12-க்குள் இத்தனை ஆட்டம் இருக்கும் என்று யார் நினைத்தார்கள்!

முதலில் லேபிள் எப்படி உரிகிறது என்று பார்த்துவிடலாம், அதுவே பெரிய வேடிக்கை. சுருளில் வருகிற லேபிள்கள் ஒரு வழுவழுப்பான லைனர் மேல் வரிசையாக ஒட்டியிருக்கும். 1935-இல் அமெரிக்காவில் ஸ்டான்டன் ஏவரி கொண்டுவந்த ஸ்டிக்கர் முறையின் வாரிசுதான் இதுவும். லைனரை ஒரு கூர்மையான தகட்டின் விளிம்பில் சட்டென்று பின்பக்கமாக மடக்கி இழுப்பார்கள். லைனர் வளைந்து திரும்பிவிடும். லேபிளுக்குக் கொஞ்சம் விறைப்பு அதிகம், அதனால் அவ்வளவு கூர்மையாக வளையாது. நேராகவே வெளியே நீட்டிக்கொண்டு வந்துவிடும். உரிக்க விரலும் இல்லை, நகமும் இல்லை!

லைனரை இழுப்பது ஒரு சர்வோ மோட்டார். அது எப்போது இழுக்கத் தொடங்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதுதான் முழு விளையாட்டும். தொடங்கச் சொல்வது பாட்டிலைப் பார்க்கும் சென்சார். நிறுத்தச் சொல்வது லேபிள் சுருளைப் பார்க்கும் ரிஜிஸ்ட்ரேஷன் சென்சார். இந்த இரண்டுக்கும் நடுவே கன்வேயர் பெல்ட்டை ஒட்டிச் சுழல்கிற ஒரு குட்டிச் சக்கரம், அதுதான் என்கோடர். சக்கரத்தின் சுற்றளவு 200 மி.மீ., ஒரு சுற்றுக்கு 1000 பல்ஸ். பெல்ட் 0.2 மி.மீ. நகர்ந்தால் ஒரு பல்ஸ் வரும்.

பாட்டில் சென்சாரில் ஒரு குறும்பு இருக்கிறது. இது கண்ணாடிபோலத் தெளிவான பெட் பாட்டில், உள்ளே தெளிவான எண்ணெய். ஒளிக்கற்றையை முன் ஓரம் மறைக்கும், சரி. ஆனால் பாட்டிலின் நடுப்பகுதி வந்ததும் எண்ணெயும் பாட்டிலும் சேர்ந்து ஒரு லென்ஸ் ஆகிவிடும், வெளிச்சம் ஊடுருவி அந்தப்பக்கம் போய்விடும்! பின் ஓரம் வரும்போது மறுபடி மறையும். சென்சார் பாவம், ஒரு பாட்டிலை இரண்டு பாட்டில் என்று எண்ணிவிடும். இரண்டாவது லேபிள் காற்றில் பாய்ந்து கன்வேயரில் போய் ஒட்டிக்கொள்ளும். முதல் நாள் அப்படித்தான் நடந்ததாம். தீர்வு எளிது: முன் ஓரத்தைப் பார்த்ததும் அடுத்த 400 பல்ஸ் வரை, அதாவது 80 மி.மீ. வரை, சென்சார் என்ன சொன்னாலும் காதில் வாங்காதே என்று மெஷினுக்குச் சொல்லிவிடுவது. பாட்டிலின் அகலம் 70 மி.மீ., அடுத்த பாட்டில் வருவது 200 மி.மீ. தள்ளி. நடுவில் நிறைய இடம் இருக்கிறது.

பாட்டிலைப் பார்த்த உடனே லேபிளை அனுப்பிவிடக் கூடாது. சென்சார் கொஞ்சம் முன்னாடியே இருக்கிறது, பாட்டில் இன்னும் 120 மி.மீ. வர வேண்டும். பழைய மெஷின்களில் இதற்கு ஒரு டைமர் வைத்திருப்பார்கள். நிமிடத்துக்கு 12 மீட்டர் வேகம் என்றால் செகண்டுக்கு 200 மி.மீ., அப்போது 120 மி.மீ. வர 600 மில்லி செகண்ட் ஆகும். டைமரில் 600 வைத்தால் சரியாக ஒட்டும். கன்வேயரை 24 மீட்டருக்கு ஏற்றிப் பாருங்கள்! அதே 600 மில்லி செகண்டில் பாட்டில் 240 மி.மீ. போய்விடும், லேபிள் பின்னால் வருகிற பாட்டிலைத்தான் பார்க்கும். அதனால்தான் என்கோடர். நேரத்தை எண்ணாமல் தூரத்தை எண்ணுகிறது. 120 மி.மீ. என்றால் 600 பல்ஸ். பெல்ட் ஊர்ந்தாலும் பறந்தாலும் 600 பல்ஸ் என்பது அதே இடம்தான்.

என்கோடரை மோட்டாரில் மாட்டாமல் பெல்ட்டிலேயே மாட்டியிருப்பதற்கும் காரணம் இருக்கிறது. மோட்டாருக்கும் பெல்ட்டுக்கும் நடுவே செயின் தொய்வு, வழுக்கல் என்று பல சமாச்சாரம் உண்டு. பெல்ட்டில் மாட்டினாலும் ஒரு ஓட்டை மிச்சம். "பெல்ட்டுல எண்ணெய் சிந்தியிருந்தா பாட்டில் வழுக்குமுங்க. என்கோடருக்கு அது தெரியாதுங்க, பெல்ட் போறதைத்தானே அது பார்க்குது," என்றார் எஞ்சினியர். அதனால் எந்த எண்ணையும் தொடுவதற்கு முன்னால் பெல்ட்டைத் துடைக்கச் சொன்னார். மெஷின் ஓட்டுகிற அக்கா ஏற்கெனவே துடைத்து வைத்திருந்தார்!

இப்போது அளவெடுப்பு. 12 மீட்டர் வேகத்தில் 20 பாட்டில் ஓட்டி, வரிசையாக மேசையில் அடுக்கினார்கள். ஸ்டீல் ஸ்கேல் வைத்து, பாட்டிலின் அச்சுக் கோட்டிலிருந்து லேபிள் எங்கே தொடங்குகிறது என்று ஒவ்வொன்றாக அளந்தார்கள். அச்சுக் கோடு என்பது பாட்டில் வார்க்கும்போது இரண்டு அச்சும் சேருமிடத்தில் விழுகிற மெல்லிய வரி. ஓரம் உருண்டையாக இருப்பதால் அங்கே ஸ்கேல் வைத்தால் கை ஏமாற்றும், இந்த வரி ஏமாற்றாது. பிறகு "ஏனுங்க்கா, ஸ்பீடை இருபத்துநாலுக்கு வைங்க," என்றார். "வெச்சாச்சுங்க தம்பி," என்று பதில் வந்தது. மறுபடி 20 பாட்டில்.

எண்களைப் பார்த்ததும் அவர் முதலில் கவனித்தது எது தெரியுமா? லேபிள் எவ்வளவு தள்ளி விழுந்தது என்பதை அல்ல, எவ்வளவு சிதறி விழுந்தது என்பதை! மெதுவாக ஓடியபோது 20 பாட்டிலுக்குள் முன்பின்னாக ஒரு மி.மீ. சிதறல், வேகமாக ஓடியபோது இரண்டு மி.மீ. எல்லா லேபிளும் ஒரே அளவு தாமதமாக வந்தால் அந்தத் தாமதத்தைக் கணக்குப் போட்டுக் கழித்துவிடலாம். ஒன்று சீக்கிரம், ஒன்று தாமதம் என்று வந்தால் எந்தக் கணக்கும் உதவாது. இந்த ஒரு விஷயம் பிடிபட்ட பிறகு மெஷினையே வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கிவிட்டேன். சராசரி நகர்ந்தால் எண்ணைத் திருத்து. சிதறினால் எண்ணைத் தொடாதே, காரணத்தைத் தேடு.

காரணம் ரிஜிஸ்ட்ரேஷன் சென்சார் பக்கம் இருந்தது. இந்த ஆலையின் லேபிள் ஒளி ஊடுருவும் ஃபிலிம், லைனரும் அப்படியே. லேபிளுக்கும் லேபிளுக்கும் நடுவே இருக்கிற 3 மி.மீ. இடைவெளியைச் சாதாரண ஒளி சென்சாரால் பார்க்கவே முடியாது, எல்லாமே அதற்கு வெட்டவெளி. அதனால் லைனரின் ஓரத்தில் ஒவ்வொரு லேபிளுக்கும் ஒரு சின்னக் கறுப்புக் கட்டம் அச்சடித்திருக்கிறார்கள். ஐ மார்க் என்பார்கள். அந்தக் கட்டம் சென்சாருக்கு அடியில் வந்ததும், இன்னும் இத்தனை மி.மீ. ஓடிவிட்டு நில் என்று சர்வோவுக்குக் கட்டளை போகும். அப்படி நின்றால்தான் அடுத்த லேபிளின் நுனி, பாட்டிலைத் தொடுமிடத்துக்குச் சரியாக 6 மி.மீ. முன்னால் காத்திருக்கும். நுனி ஒரு மி.மீ. பின்னால் நின்றுவிட்டால் அடுத்த பாட்டிலில் லேபிள் ஒரு மி.மீ. தள்ளி விழும். கவனித்தீர்களா, இந்த லேபிளை நிறுத்தியதில் செய்த பிசகு அடுத்த பாட்டிலில்தான் தெரியும்! பாவம் ஓரிடம், பழி ஓரிடம்!

ஐ மார்க் சென்சாரின் வயரை பி.எல்.சி.யின் சாதாரண இன்புட்டில் சொருகியிருந்தார்கள். பி.எல்.சி. தன் நிரலை 5 மில்லி செகண்டுக்கு ஒருமுறை சுற்றி வருகிறது, ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்தில்தான் இன்புட்டைப் பார்க்கிறது. கட்டம் அப்போதுதான் வந்திருந்தால் உடனே தெரியும். பார்த்து முடித்த மறுகணம் வந்தால் அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டும். ஆக, தாமதம் பூஜ்யத்திலிருந்து 5 மில்லி செகண்ட் வரை எதுவாகவும் இருக்கலாம். செகண்டுக்கு 200 மி.மீ. வேகத்தில் அது ஒரு மி.மீ., 400-இல் இரண்டு மி.மீ. மேசையில் அளந்த சிதறல் அப்படியே வந்துவிட்டது! ஸ்கேலும் கணக்கும் இப்படிக் கைகுலுக்கும்போது வருகிற சந்தோஷமே தனி.

வயரைக் கழற்றி சர்வோ டிரைவின் அதிவேக இன்புட்டில் சொருகினார். அங்கே நடப்பது ரொம்ப அழகு. கறுப்புக் கட்டம் வந்த கணத்தில் மோட்டார் எந்த இடத்தில் இருந்தது என்பதை டிரைவின் மின்சுற்று அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு நிரல் நிதானமாக வந்து பார்த்தாலும் பரவாயில்லை. பிடித்து வைத்த இடத்திலிருந்து எண்ணி, சரியான புள்ளியில் போய் நிற்கலாம். பாட்டில் சென்சார் ஏற்கெனவே இன்டரப்ட் இன்புட்டில்தான் இருந்தது. மறுபடி 20 பாட்டில் ஓட்டியபோது சிதறல் ஸ்கேலில் பார்க்கவே சிரமமான அளவுக்குச் சுருங்கிவிட்டது.

இனி நகர்வு. 12 மீட்டர் வேகத்தில் லேபிள் கச்சிதமாக 12 மி.மீ.யில் விழும்படி செட் செய்தார்கள். வேறெதையும் தொடாமல் 24-க்கு ஏற்றினார்கள். லேபிள் 16.2 மி.மீ.யில் போய் விழுந்தது. இருபது பாட்டிலிலும் ஒழுங்காக, ஒற்றுமையாக, 4.2 மி.மீ. பின்னால்! தூரத்தைத்தானே எண்ணுகிறோம், என்கோடர்தான் இருக்கிறதே, பிறகு இது எங்கிருந்து வந்தது?

போனை எடுத்தோம். செகண்டுக்கு 240 ஃப்ரேம் ஸ்லோ மோஷன். 24 மீட்டர் வேகத்தில் ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்த ஃப்ரேமுக்கும் நடுவே பாட்டில் ஒன்றே முக்கால் மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக நகர்கிறது. விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தால், ஐயோ, எவ்வளவு அழகு! பாட்டில் ஒரே சீராக வருகிறது. லேபிள் நுனி சும்மா இருக்கிறது, சும்மா இருக்கிறது, பிறகு மெல்ல அசைகிறது, அடுத்த ஃப்ரேமில் கொஞ்சம் கூடுதலாக, அடுத்ததில் இன்னும் கூடுதலாக. ஐந்து ஃப்ரேமுக்குள் பாட்டிலின் வேகத்தைப் பிடித்துவிடுகிறது. ஓடுகிற டவுன் பஸ்ஸில் ஏறுகிறவர் கூடவே நாலு எட்டு ஓடி வேகம் பிடித்துத்தானே படியில் கால் வைப்பார், லேபிளும் அதையே செய்கிறது.

அந்த வீடியோவில் இரண்டு தாமதம் ஒளிந்திருக்கிறது. முதலாவது, நுனி சும்மா இருந்த நேரம். சென்சார் பார்த்துச் சொல்வதற்கும், இன்புட் ஃபில்டர் அது நிஜ சிக்னல்தானா என்று உறுதி செய்வதற்கும், டிரைவ் கிளம்புவதற்கும் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது. இந்த நேரம் மாறாது. வேகம் இரண்டு மடங்கானால் அந்த நேரத்துக்குள் பாட்டில் போகிற தூரமும் இரண்டு மடங்கு.

இரண்டாவது, நுனி வேகம் பிடித்த நேரம். மோட்டாரின் முடுக்கத்தை டிரைவில் 20 மீ/செ² என்று வைத்திருந்தார்கள். பூஜ்யத்திலிருந்து செகண்டுக்கு 400 மி.மீ. வேகம் எட்ட 20 மில்லி செகண்ட் ஆகும். அதற்குள் பாட்டில் 8 மி.மீ. போய்விடும், பூஜ்யத்திலிருந்து தொடங்கிய லேபிள் அதில் பாதிதான் போயிருக்கும், 4 மி.மீ. ஆக 4 மி.மீ. பாக்கி. 200 வேகத்தில் இதே கணக்கைப் போட்டால் பாக்கி ஒரே ஒரு மி.மீ.! வேகம் இரண்டு மடங்கு, பாக்கி நான்கு மடங்கு. இந்தத் தாமதம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. இரண்டையும் சேர்த்தால் இவ்வளவுதான்:

```
v × t + v² / (2 × a)
```

மேசையில் அளந்த 4.2 மி.மீ. நகர்வில் முடுக்கத்தின் பங்கு 4-இல் 1 போக 3 மி.மீ. மீதி 1.2 மி.மீ. முதல் தாமதத்துடையது. வேகம் கூடியது செகண்டுக்கு 200 மி.மீ. 1.2-ஐ 200-ஆல் வகுத்தால் 6 மில்லி செகண்ட். ஓர் ஓசிலோஸ்கோப்பும் இல்லாமல், ஒரு ஸ்டீல் ஸ்கேலை வைத்து மெஷினின் தாமதத்தைக் கண்டுபிடித்துவிட்டார்! கைதட்டத் தோன்றியது, தட்டியும் விட்டேன்.

இனி எவ்வளவு பாக்கியோ அவ்வளவு தூரம் முன்னாடியே லேபிளைக் கிளப்ப வேண்டும். 12 மீட்டரில் மொத்தம் 2.2 மி.மீ., அதாவது 11 பல்ஸ். 600 பல்ஸுக்குப் பதில் 589-இல் கிளம்பு. 24 மீட்டரில் 6.4 மி.மீ., 32 பல்ஸ். 568-இல் கிளம்பு. பாட்டில் வரும் வேகத்தை என்கோடரே சொல்லிவிடுவதால் ஒவ்வொரு பாட்டிலுக்கும் மெஷின் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். வேகத்துக்கேற்ற ஈடு என்பது இதுதான்.

டச் ஸ்கிரீனில் இதற்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது, `SPEED COMP` என்று, மில்லி செகண்டில். பலர் அதில் 21 என்று போட்டு முடித்துவிடுவார்கள், ஏனென்றால் 4.2-ஐ 200-ஆல் வகுத்தால் 21 வரும். அதையும் போட்டுக் காட்டினார். 12-இலும் 24-இலும் லேபிள் கச்சிதம். நடுவே 18 மீட்டரில் கால் மி.மீ. முந்துகிறது, கண்ணுக்கே தெரியாது. அப்படியானால் இதுவே போதாதா? கன்வேயரை நிறுத்தி, மறுபடி கிளப்பிப் பார்க்கச் சொன்னார். ஊர்ந்து கிளம்புகிறபோது, நிமிடத்துக்கு 3 மீட்டர் வேகத்தில் வந்த பாட்டிலில் லேபிள் 13.3 மி.மீ.யில்! தேவைப்பட்டது 0.4 மி.மீ.கூட இல்லாத முன்னகர்வு. நேர்கோட்டுக் கணக்கோ அதற்கு நேரெதிராக ஒரு மி.மீ. அளவுக்குப் பின்னகர்வு கொடுத்துவிட்டது. நாள் முழுவதும் நன்றாக ஓடிவிட்டு, டீ இடைவேளைக்குப் பிறகு வருகிற முதல் இரண்டு மூன்று பாட்டிலில் மட்டும் லேபிள் தள்ளி விழுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். நிரலைத் திறந்து தாமதத்துக்கு ஒரு கட்டம், முடுக்கத்துக்கு ஒரு கட்டம் என்று பிரித்தார். 6, 20. கிளம்பும் பாட்டிலும் 12-க்கு வந்துவிட்டது.

அப்போதுதான் ஆலை உரிமையாளர் வந்தார். நிமிடத்துக்கு 120 பாட்டில் போகிறதே, 150 போகுமா என்று கேட்டார். 200 மி.மீ.க்கு ஒரு பாட்டில், 150 பாட்டில் என்றால் 30 மீட்டர் வேகம். ஏற்றினார்கள். இடம் சரியாகவே விழுந்தது, ஆனால் லேபிளின் முன் ஓரத்தில் மெல்லிய சுருக்கம், பக்கத்தில் காற்றுக் குமிழ். எஞ்சினியர் ஸ்கேலைக்கூட எடுக்கவில்லை. "வேகம் பிடிக்கறதுக்குள்ள தொட்டுருச்சுங்க," என்றார். 30 மீட்டருக்கு வேகம் பிடிக்க லேபிள் நுனிக்கு 6.25 மி.மீ. ஓட்டம் தேவை. அதற்கு முன்னால் இருப்பதோ 6 மி.மீ. கால் மி.மீ. பற்றாக்குறை! அந்தக் கணத்தில் பாட்டில் லேபிளைவிட வேகமாகப் போகிறது, பிடித்து இழுக்கிறது, ஃபிலிம் சுருங்குகிறது. இட ஈட்டுக் கணக்கால் இதைச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் இது இடப் பிழை அல்ல, வேகப் பிழை.

முடுக்கத்தைக் கூட்டலாம். ஆனால் லைனரை அவ்வளவு வேகமாக வெட்டி இழுத்தால் உருளையில் வழுக்கும், அல்லது அறுந்துபோகும். அவர் செய்தது வேறு. ஐ மார்க் பார்த்த பிறகு ஓடும் தூரத்தை 2 மி.மீ. குறைத்தார். நுனி இப்போது 6-க்குப் பதில் 8 மி.மீ. பின்னால் காத்திருக்கும், ஓடி வேகம் பிடிக்க இடம் தாராளம். கூடுதலாக 2 மி.மீ. ஓட வேண்டியிருப்பதால் அவ்வளவு முன்னாடியே கிளம்ப வேண்டும், ஆகவே 600 என்ற அடிப்படை எண்ணை 590 ஆக்கினார். பாட்டில்கள் ஓடின. சுருக்கம் போயே போய்விட்டது!

உரிமையாளருக்கு ஆசை விடவில்லை, இன்னும் எவ்வளவு போகலாம் என்று கேட்டார். எஞ்சினியர் போனில் கால்குலேட்டரைத் திறந்து 8 மி.மீ.யை வைத்துத் தட்டிப் பார்த்தார். "முப்பத்துநாலுக்குக் கிட்டத்தட்ட கோடு வந்துருதுங்க. முப்பத்திரண்டோட நிறுத்திக்கங்க. அதுக்கு மேல வேணும்னா பெரிய மோட்டார் போடணுமுங்க," என்றார். அக்கா அந்த 32-ஐ ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் மார்க்கர் பேனாவால் எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த டிரே பாட்டிலை ஏற்றப் போய்விட்டார்.